முகட்டுக் காலதர்

நுழையும்முன்

நெடுஞ்சாலையோரத் தொழிற்கூடங்களின் தகட்டுக் கூரைமீது வெள்ளிநிறக் குமிழ்கள் சுழன்றுகொண்டிருப்பதைக் காண்கிறோம். வேறு சில கூடங்களின் முகட்டில், கூரைக்கு மேல் மற்றொரு சிறுகூரை கவிழ்த்தாற்போல் நீண்ட அமைப்பு ஒன்று இருக்கும். இவற்றுள் எதற்கும் மின்னிணைப்பு இல்லை. ஆயினும், உலையருகே நின்று உழைப்போர் தாங்கக்கூடிய வெம்மையில் பணிபுரிவதற்கும் தாங்க இயலாமல் சோர்ந்து விழுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இவ்வமைப்புகளே பெரிதும் முடிவு செய்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எப்போது இயங்காமல் போகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காற்றுக்கு ஒரு வழி

'கால்' என்னும் சொல்லுக்குக் காற்று என்பதும் ஒரு பொருள். 'அதர்' என்பது வழி. இவ்விரண்டும் சேர்ந்து அமைந்த 'காலதர்' என்னும் சொல், காற்று வரும் வழியாகிய சாளரத்தைக் குறிக்கச் சிலப்பதிகாரத்தில் ஆளப்பட்டுள்ளது. இன்று நாம் வழங்கும் 'சன்னல்' என்பது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து தமிழில் நிலைத்த சொல்.

சுவரில் அமைந்த காலதர் காற்றை உள்ளே கொணர்வது. தொழிற்கூடத்தின் கூரையில் அமைவதோ சூடேறிய காற்றை வெளியே அனுப்புவது. தொழிற்கூடங்களில் 'ரிட்ஜ் வென்டிலேட்டர்' என வழங்கப்படுவதை முகட்டுக் காலதர் என்றும், 'டர்பைன் வென்டிலேட்டர்' என வழங்கப்படுவதைச் சுழல் காலதர் என்றும் இப்பாடத்தில் குறிப்பிடலாம். தோற்றத்தில் வேறுபட்டாலும், காற்று வீசாத நாளில் இரண்டும் ஒரே இயற்பியல் விதியை நம்பியே இயங்குகின்றன. அவ்விதியே புகைபோக்கி விளைவு எனப்படுகிறது. அரிசி ஆலையின் உயர்ந்த புகைபோக்கி புகையை மேலே இழுத்துச் செல்வதும் இவ்விளைவினால்தான்.

எழுவதன்று, எழுப்பப்படுவது

வெப்பக் காற்று மேலே எழும் என்பது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால், அது தானாக எழுவதில்லை. அதைச் சூழ்ந்துள்ள குளிர்ந்த, எடைமிக்க காற்று கீழே இறங்கி அதனை மேலே தள்ளுகிறது. நீருக்கடியில் பிடித்திருந்த பந்தைக் கைவிட்டால் அது மேலே வருகிறது. பந்துக்கு மேலே செல்லும் ஆற்றல் ஏதும் இல்லை. எடைமிக்க நீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பந்து மேலே தள்ளப்படுகிறது. வெப்பக் காற்றின் நிலையும் இதுவே.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. காற்று தானாகவே எழும் என்று எண்ணுபவர் கூரையில் திறப்பு வைத்தால் போதும் என்று முடிவு செய்வார். காற்று தள்ளப்படுகிறது என்று அறிந்தவரோ, தள்ளுகின்ற குளிர்ந்த காற்று எவ்வழியாக உள்ளே வரும் என்று முதலில் கேட்பார். தொழிற்கூடக் காற்றோட்டத்தில் நேரும் பிழைகள் பலவும் இக்கேள்வியைக் கேளாததால் விளைபவை.

ஒரு கொட்டகையினுள் இருக்கும் வெப்பக் காற்றை ஒரு தூணாகவும், அதே உயரமுள்ள வெளிக்காற்றை மற்றொரு தூணாகவும் கற்பனை செய்துகொள்ளலாம். வெளித்தூண் எடை மிகுந்தது; உட்தூண் எடை குறைந்தது. அடியில் ஒரு திறப்பும் முகட்டில் ஒரு திறப்பும் இருந்தால், இரு தூண்களும் ஒரு தராசின் இரு தட்டுகள்போல் ஆகின்றன. எடைமிக்க வெளித்தூண் கீழ்த்திறப்பின் வழியே உள்ளே நுழைகிறது. எடை குறைந்த உட்தூண் மேல்திறப்பின் வழியே வெளியேறுகிறது. உள்ளே வந்த காற்றும் உலையாலும் எந்திரங்களாலும் சூடேறுவதால், இந்த ஓட்டம் இடைவிடாமல் தொடர்கிறது.

இரண்டு தாள்களின் எடை

இத்தராசு எவ்வளவு நுட்பமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அத்தகைய ஊரில் அமையக்கூடிய ஒரு சிறு வார்ப்படக் கூடத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 40 மீட்டர். அகலம் 20 மீட்டர். சுவரின் உயரம் 6 மீட்டர். முகட்டின் உயரம் 9 மீட்டர். இருபுறச் சுவர்களிலும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தை நடுவாகக்கொண்டு காற்று நுழையும் திறப்புகள் உள்ளன. அவற்றின் மொத்தப் பரப்பு 20 சதுர மீட்டர். முகட்டில் அரை மீட்டர் அகலத்தில் கூடத்தின் முழு நீளத்திற்கும் திறப்பு விடப்பட்டுள்ளது. அதன் பரப்பும் 20 சதுர மீட்டர். கீழ்த்திறப்புக்கும் மேல்திறப்புக்கும் இடைப்பட்ட உயரம் 8 மீட்டர்.

காற்று வீசாத ஒரு பிற்பகல். வெளியே வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ். உள்ளே சராசரியாக 39 டிகிரி. வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1150 கிராம் எடையுடையது. உள்ளிருக்கும் காற்று அதைவிடச் சுமார் 18 கிராம் குறைவானது. 8 மீட்டர் உயரத்திற்கு இவ்வேறுபாட்டைக் கூட்டினால், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 145 கிராம் எடை கிடைக்கிறது. அச்சுக்கும் படியெடுப்பதற்கும் பயன்படும் வழக்கமான தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுடையது. எனவே, இப்பெருங்கூடத்தின் காற்று முழுவதையும் இயக்கும் விசை, விரித்து அடுக்கிய இரண்டு தாள்களின் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவானது.

இச்சிறு அழுத்தம் என்ன செய்யவல்லது? அதில் ஒரு பாதி, காற்று கீழ்த்திறப்பில் நுழைவதற்குச் செலவாகிறது. மறுபாதி, முகட்டில் வெளியேறுவதற்குச் செலவாகிறது. அப்பாதி அழுத்தம் காற்றுக்கு நொடிக்கு 1.1 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தைத் தருகிறது. திறப்பின் விளிம்பைக் கடக்கும்போது காற்றோட்டம் குறுகுவதால், பரப்பில் பத்தில் ஆறு பங்கே முழுமையாகப் பயன்படுகிறது. இவற்றைக் கணக்கிட்டால், நொடிக்கு 13.5 கன மீட்டர் காற்று முகட்டின் வழியே வெளியேறுகிறது. கூடத்தினுள் இருக்கும் காற்றின் அளவு 6000 கன மீட்டர். ஆகவே, ஏழரை நிமிடத்திற்கு ஒருமுறை, அதாவது மணிக்கு எட்டு முறை, கூடத்தின் காற்று முழுவதும் புதிதாகிறது.

வெளியேறும் காற்று வெப்பத்தையும் உடன் சுமந்து செல்கிறது. ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வெப்பம் தேவை. நொடிக்கு 15 கிலோகிராமுக்கு மேற்பட்ட காற்று 5 டிகிரி கூடுதல் வெப்பத்துடன் வெளியேறுவதால், ஏறத்தாழ 76 கிலோவாட் வெப்பம் அகற்றப்படுகிறது. ஆயிரம் வாட் மின்னடுப்புகள் 76-ஐ ஒருசேர எரியவிட்டால் உண்டாகும் வெப்பம் அது. இரண்டு தாள்களின் எடை, மின்சாரம் சிறிதுமின்றி இத்தனை வெப்பத்தைச் சுமந்து செல்கிறது.

உயரமும் பரப்பும்

புகைபோக்கி விளைவை மிகுவிக்க மூன்று வழிகள் உள்ளன. திறப்புகளுக்கு இடைப்பட்ட உயரம் மிகலாம். உள்வெளி வெப்பநிலை வேறுபாடு மிகலாம். திறப்பின் பரப்பு மிகலாம். ஆனால் மூன்றும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. காற்றின் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆதலால், உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் காற்றோட்டம் இரு மடங்காகும். நுழையும் பரப்பையும் வெளியேறும் பரப்பையும் இரு மடங்காக்கினாலோ காற்றோட்டம் நேரடியாக இரு மடங்காகும். கட்டி முடித்த கூடத்தின் உயரத்தை மாற்றுவது அரிது. திறப்பின் பரப்பை மாற்றுவது எளிது. எனவே, பொறியாளரின் கவனம் பரப்பின்மீதே முதலில் செல்ல வேண்டும்.

முகட்டுக் காலதரின் அமைப்பு

முகட்டில் வெறும் இடைவெளி விட்டால் மழை உள்ளே விழும். ஆகவே, இடைவெளியின் இருபுறமும் தகடுகளை நிமிர்த்தி ஒரு கழுத்து அமைக்கப்படுகிறது. கழுத்துக்கு மேலே, அதைவிட அகலமான மூடி ஒன்று நிறுத்தப்படுகிறது. கழுத்தின் வழியே எழும் காற்று மூடியில் முட்டி, இருபுறமும் பிரிந்து வெளியேறுகிறது. இருபுற வெளிவாய்களின் பரப்பைக் கூட்டினால் அது கழுத்தின் பரப்புக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கழுத்து அரை மீட்டர் அகலமானால், ஒவ்வொரு புறத்திலும் குறைந்தது கால் மீட்டர் வெளிவாய் தேவை. மழைச்சாரலுக்கு அஞ்சி மூடியைத் தாழ்த்திப் பொருத்தினால், கழுத்து எத்தனை அகலமாக இருந்தும் பயனில்லை.

நல்ல முகட்டுக் காலதரில் மற்றோர் உறுப்பும் உண்டு. வெளிவாய்களுக்கு எதிரே, சற்று விலகி, இருபுறமும் நிறுத்தப்படும் காற்றுத் தடுப்புத் தகடே அது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றின் அழுத்தம்கூட, மேலே கணக்கிட்ட புகைபோக்கி அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. தடுப்புத் தகடு இல்லையேல் அக்காற்று ஒருபுற வாயின் வழியே நேராக உள்ளே புகுந்து, எழுந்துவரும் வெப்பக் காற்றைத் திருப்பித் தள்ளிவிடும். தகடு இருந்தாலோ வீசும் காற்று அதன் விளிம்பைத் தாண்டி மேலே பாய்கிறது. பாயும்போது வாயருகே அழுத்தம் குறைகிறது. எத்திசையிலிருந்து காற்று வீசினும் உள்ளிருந்து இழுக்கும் நிலை உண்டாகிறது. பகையாக வரும் காற்று ஒரு தகட்டால் துணையாக மாற்றப்படுகிறது.

நுழைவழி அடைபட்டால்

முகட்டுக் காலதர் பொருத்தியும் வெம்மை குறையவில்லை என்னும் குறை பல கூடங்களில் எழுவதுண்டு. அத்தகைய இடங்களில் கூரையை ஆராயுமுன் தரையை ஆராய வேண்டும்.

முற்கூறிய வார்ப்படக் கூடத்தையே மீண்டும் நோக்குவோம். நாளடைவில் சுவரோரத்தில் வார்ப்புப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் கட்டிய தார்ப்பாய் அவிழ்க்கப்படாமலேயே கிடக்கிறது. புழுதி வருகிறதென்று சில திறப்புகள் தகடு கொண்டு அடைக்கப்படுகின்றன. 20 சதுர மீட்டராக இருந்த நுழைவழி 5 சதுர மீட்டராகச் சுருங்குகிறது. முகட்டுத் திறப்பில் மாற்றம் ஏதும் இல்லை. உலைகள் வெளியிடும் 76 கிலோவாட் வெப்பத்திலும் மாற்றம் இல்லை.

இப்போது குறுகிய நுழைவழியே அழுத்தத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. அதே 5 டிகிரி வேறுபாட்டில் காற்றோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால், வெப்பம் தொடர்ந்து வெளிப்படுவதால் கூடம் மேலும் சூடேறுகிறது. சூடேறச் சூடேற உட்தூணின் எடை குறைந்து, தள்ளும் அழுத்தம் கூடுகிறது. இறுதியில், பழைய காற்றோட்டத்தில் ஏறத்தாழ பாதியும் பழைய வேறுபாட்டைப்போல் இரு மடங்கும் என்னும் நிலையில் சமநிலை ஏற்படுகிறது. 39 டிகிரியாக இருந்த கூடம் 44 டிகிரியை எட்டுகிறது.

இந்த 5 டிகிரி, தொழிலாளியின் உடலுக்குச் சிறிய மாற்றம் அன்று. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சூழ்ந்த காற்று அதைவிட எந்த அளவுக்குச் சூடாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு உடல் காற்றிலிருந்து வெப்பத்தைப் பெறுகிறது. அந்நிலையில் உடல் குளிர்வதற்கு எஞ்சியுள்ள வழி வியர்வை உலர்வது ஒன்றே. உலைத்தணலின் கதிர்வீச்சும் சேர, வியர்வையால் ஈடுசெய்ய இயலாத நிலையில் உடலின் உள்வெப்பம் உயரத் தொடங்குகிறது. தலைச்சுற்றல், மயக்கம், கவனச் சிதறல் ஆகியன தொடர்கின்றன. உருகிய உலோகத்தைக் கரண்டியில் ஏந்திச் செல்பவருக்கு நேரும் ஒரு நொடிக் கவனச் சிதறல் அவரோடு நில்லாது, அருகிலிருப்போரையும் சுடும். சுவரோரத்தில் அடுக்கிய பெட்டிகளே இத்துன்பத்தின் தொடக்கம் என்பதைப் பலரும் உணர்வதில்லை.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948, தனது 13ஆம் பிரிவில், ஒவ்வொரு பணியறையிலும் புதிய காற்றின் சுழற்சியால் போதிய காற்றோட்டம் அமைய வேண்டும் என்றும், தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தீங்கு நேராத வெப்பநிலை பேணப்பட வேண்டும் என்றும் வரையறுத்தது. சுவர்களும் கூரையும் வெப்பநிலையை இயன்றவரை தாழ்த்தி வைக்குமாறு அமைய வேண்டும் எனவும் அது கூறியது. கூரையில் காலதர் இருக்கிறதா என்று மட்டும் அச்சட்டம் கேட்கவில்லை. காற்று சுழல்கிறதா என்று கேட்டது.

சுழல் காலதர்

கூரையின்மீது சுழலும் வெள்ளிநிறக் குமிழ், வளைந்த மெல்லிய தகட்டு இதழ்களால் ஆனது. நடுவிலுள்ள தண்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் அதனை எளிதில் சுழல விடுகின்றன. வீசும் காற்று ஒருபுறத்தில் இதழ்களின் குழிந்த முகத்தில் சிக்கித் தள்ளுகிறது. மறுபுறத்தில் குவிந்த முகத்தின்மேல் வழுக்கிச் செல்கிறது. இரு புறத்து விசைகளும் சமமின்மையால் குமிழ் சுழல்கிறது. சுழலும் இதழ்கள் உள்ளிருக்கும் காற்றை வெளிநோக்கி வீசுகின்றன. அத்துடன், குமிழைச் சுற்றிக் காற்று ஓடும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைவதாலும் உட்காற்று இழுக்கப்படுகிறது. மழைத்துளிகள் சுழலும் இதழ்களில் பட்டு வெளியே தெறிப்பதால் நீர் பெரும்பாலும் உள்ளே இறங்குவதில்லை.

காற்று வீசாதபோது இது விசிறி அன்று; மூடியிட்ட ஒரு துளை மட்டுமே. அப்போது அதன் வழியே எழுவது புகைபோக்கி விளைவால் தள்ளப்படும் காற்றுதான். அக்காற்றே குமிழை மெதுவாகச் சுழற்றுவதும் உண்டு. ஆகவே, சுழற்சியைக் கண்டு காற்றோட்டம் போதுமானது என்று முடிவு செய்தல் தவறு. நள்ளிரவில், ஆளில்லாத கூடத்தின்மீதும் வீசும் காற்றில் அது விரைந்து சுழலும்.

சுழல் காலதரை மதிப்பிட அதன் எண்ணிக்கையைக் காட்டிலும் கழுத்துப் பரப்பே உரிய அளவு. பரவலாகக் காணப்படும் 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்றின் கழுத்துப் பரப்பு 0.28 சதுர மீட்டர். முற்கூறிய வார்ப்படக் கூடத்தின் முகட்டுத் திறப்பாகிய 20 சதுர மீட்டருக்கு ஈடாக ஏறத்தாழ 70 சுழல் காலதர்கள் வேண்டும். எட்டுச் சுழல் காலதர்களைப் பொருத்தினால், கிடைக்கும் பரப்பு தேவையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

இதனால் சுழல் காலதர் பயனற்றது என்று கொள்ளலாகாது. சரக்குக் கிடங்கு போன்ற இடங்களில் உள்ளே வெப்பம் உண்டாவதில்லை. கூரை வாங்கும் வெயிலே வெப்பத்துக்குக் காரணம். அங்குச் சில சுழல் காலதர்கள் போதும். முன்பே கட்டிய கூடத்திலும் கூரையில் வட்டமாக ஒரு துளையிட்டு எளிதாகப் பொருத்திவிடலாம். உலையும் சூளையும் உள்ள கூடங்களுக்கே முகட்டுக் காலதர் இன்றியமையாதது.

பழுது அறியும் முறை

காலதர் வேலை செய்கிறதா என்பதை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. காற்று வீசாத நேரத்தில், ஏற்றிய ஊதுவத்தியைச் சுவரின் கீழ்த்திறப்பில் பிடிக்க வேண்டும். புகை உள்நோக்கிச் சாய்ந்தால் ஓட்டம் முறையாக உள்ளது. சாயாமல் நேராக நின்றால் ஓட்டம் மிகக் குறைவு. அடுத்து, ஆள் நிற்கும் உயரத்தில் ஒரு வெப்பமானியும், இயன்றால் முகட்டுக்கு அருகே ஒன்றும், வெளியே நிழலில் ஒன்றும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் உயர வெப்பநிலை வெளிநிழலுக்கு நெருங்கியிருந்தால் கூடம் நன்கு மூச்சுவிடுகிறது எனலாம்.

பக்கக் கதவைத் திறந்தவுடன் காற்று விசையோடு உள்ளே பாய்ந்தால், நுழைவழி போதவில்லை என்பது பொருள். கூடம் காற்றுக்காக ஏங்கி நிற்கிறது. முகட்டின் ஒரு பகுதியிலிருந்து தூசியும் குளிர்ந்த காற்றும் கீழே இறங்கினாலும் காரணம் பெரும்பாலும் அதுவே. கீழே வழியில்லாத காற்று, மேல்திறப்பின் ஒரு பகுதியையே நுழைவழியாக்கிக் கொள்கிறது.

மற்றொரு பிழை நல்லெண்ணத்தில் செய்யப்படுவது. வெம்மை குறையவில்லையென்று, சுவரின் மேற்பகுதியில் மின்விசிறிகளைப் பொருத்திக் காற்றை வெளியே இழுக்கின்றனர். விசிறி தனக்கு அருகிலுள்ள திறப்பிலிருந்தே காற்றை எடுக்கும். அருகில் இருப்பது முகட்டுத் திறப்பு. எனவே, வெளிக்காற்று முகட்டின் வழியே இறங்கி, நேராக விசிறிக்குச் சென்று வெளியேறுகிறது. மின்சாரம் செலவாகிறது, கீழே நிற்பவருக்குக் காற்று வருவதில்லை. முகட்டுக் காலதரின் பக்கத்திலேயே சுழல் காலதரைப் பொருத்தினாலும் இதே குறுக்குவழி ஏற்படும்.

பறவைகள் புகாமல் அடிக்கப்பட்ட கம்பி வலையில் தூசியும் பஞ்சும் படிந்து அடைத்துக்கொள்வதும், சுழல் காலதரின் பேரிங்கு தேய்ந்து கிறீச்சிட்டு நின்றுவிடுவதும், அடித்தகட்டின் ஓரத்தில் மழைநீர் ஒழுகுவதும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூரைமேல் சென்று பார்த்தால் அறியக்கூடிய பழுதுகள்.

காலதரால் இயலாதவை

காலதரால் கூடத்தை வெளிக்காற்றைவிடக் குளிர்விக்க இயலாது. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே நுழையும் காற்றும் 40 டிகிரியே. வெயிலில் காயும் தகட்டுக் கூரை 60 டிகிரியை எட்டும்போது, அதிலிருந்து கீழே பொழியும் வெப்பக் கதிர்வீச்சையும் காலதர் தடுக்காது. கதிர்வீச்சு காற்றோடு செல்வதன்று. ஒளியைப்போல் நேராகப் பாய்வது. அதற்கு வெண்பூச்சோ கூரையடியில் வெப்பத் தடுப்போ தேவை.

நூற்பாலைகளில் நிலைமை வேறு. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அடிக்கடி அறும் என்பதால், அங்கு ஈரப்பதமும் வெப்பமும் தனி எந்திர அமைப்பால் கட்டுப்படுத்தப்படுகின்றன. அத்தகைய கூடத்தில் முகட்டைத் திறந்துவிட்டால், ஈரமூட்டிய காற்று முழுவதும் வீணே வெளியேறிவிடும். வெம்மை எங்கிருந்து வருகிறது, காற்று எவ்வழி நுழைகிறது, எவ்வழி வெளியேறுகிறது ஆகிய மூன்றையும் கண்டறிந்த பின்னரே கூரையில் துளையிடுதல் முறை.

சொல்லும் பொருளும்

முகடு – கூரையின் உச்சி; அதர் – வழி; வார்ப்படம் – உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி உருவாக்குதல்; வெளிவாய் – காற்று வெளியேறும் திறப்பு; தணல் – கனன்றெரியும் நெருப்பு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள அரிசி ஆலை, செங்கல் சூளை, பட்டறை ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் படம் வரைந்து காட்டுக.
2. வகுப்பறையின் கதவு, சன்னல்களில் மெல்லிய தாள் நாடாக்களைக் கட்டி, காற்று எங்கு நுழைந்து எங்கு வெளியேறுகிறது எனக் குறிப்பெடுத்துக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. திறப்புகளுக்கு இடைப்பட்ட உயரத்தை நான்கு மடங்காக்கினால் காற்றோட்டம்
அ) நான்கு மடங்காகும் ஆ) இரு மடங்காகும் இ) பாதியாகும் ஈ) மாறாது

2. 'காலதர்' என்னும் சொல்லில் 'கால்' என்பது குறிப்பது
அ) உடலுறுப்பு ஆ) நான்கில் ஒரு பங்கு இ) காற்று ஈ) தூண்

*குறுவினா*

1. வெப்பக் காற்று 'எழுகிறது' என்பதைவிட 'எழுப்பப்படுகிறது' என்பது பொருத்தமாவது ஏன்?
2. காற்றுத் தடுப்புத் தகட்டின் பயன் யாது?

*சிறுவினா*

1. சுழல் காலதரின் சுழற்சியை மட்டும் கொண்டு காற்றோட்டத்தை மதிப்பிடலாகாது என்பதைக் காரணம் காட்டி விளக்குக.
2. முகட்டுக் காலதர் உள்ள கூடத்தில் சுவரின் மேற்பகுதியில் மின்விசிறி பொருத்துவதால் விளையும் தீமையை எழுதுக.

*நெடுவினா*

நுழைவழி அடைபட்ட வார்ப்படக் கூடத்தில் வெப்பநிலை உயரும் முறையையும், அது தொழிலாளரைப் பாதிக்கும் வகையையும் பாடப்பகுதி கொண்டு தொகுத்துரைக்க.